டிரிப் ஷீட்டின் கடைசி வரி லாபம் இல்லை: ஒரு சென்னை டிரிப்பை வரிவரியாகச் சரிபார்க்கும் முழு வழிகாட்டி

எங்கள் அத்தானுக்கு நாகர்கோவில் பக்கம் மூன்று லாரி ஓடுகிறது. மாதக் கடைசியில் அவருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. போன வருஷம் ஒரு நாள் ஒரு டிரிப் ஷீட்டை என் முன்னால் போட்டு, கடைசி வரியில் விரலை வைத்து, "மக்கா, இந்த டிரிப்புல பதினஞ்சாயிரத்து ஐநூத்தம்பது நின்னிருக்கு, பாத்தியா" என்றார். ஷீட்டில் கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. டிரைவர் ஒரு ரூபாய்கூட மறைக்கவில்லை. ஆனால் அந்த டிரிப்பில் நின்ற லாபம் 8,734 ரூபாய்தான்.

மீதி ஏறக்குறைய ஏழாயிரத்தை யாரும் திருடவில்லை. டிரிப் ஷீட் என்ற ஒரே காகிதத்தில் இரண்டு கணக்கு கலந்து கிடக்கிறது, அவ்வளவுதான். ஒன்று டிரைவர் கையில் எவ்வளவு பணம் போனது, எவ்வளவு திரும்ப வந்தது என்ற ரொக்கக் கணக்கு. மற்றது வண்டி எவ்வளவு சம்பாதித்தது என்ற லாபக் கணக்கு. பெரும்பாலான ஷீட்டில் அடியில் வருவது ரொக்க மீதி. அதை லாபம் என்று நினைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வண்டி ஓட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டையும் பிரித்து, இரண்டு வழியிலும் ஒரே எண் வருகிறதா என்று பார்ப்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். அந்த ஒரே டிரிப்பை வைத்துக்கொண்டே போவோம். வாடகை, டீசல் விலை எல்லாம் அன்றன்றைக்கு மாறும், அதனால் இங்கே வரும் எண்களை ரேட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கணக்கின் ஓட்டத்தை மட்டும் பாருங்கள்.

முதலில் டிரிப் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது

ஆறு சக்கர வண்டி. திங்கள் ராத்திரி ஈத்தாமொழியில் உரித்த தேங்காய் ஏற்றிக்கொண்டு கோயம்பேடு போனது. புதன் காலை இறக்கியாயிற்று. ரிட்டர்ன் லோடுக்காக ஒரு நாள் காத்துக் கிடந்து, வியாழன் மாலை மளிகைச் சரக்கு ஏற்றி, சனி காலை நாகர்கோவிலில் இறக்கியது. கிளீனர் இல்லை, டிரைவர் ஒருவர்தான்.

சிலர் போகும் லோடுக்கு ஒரு ஷீட், வரும் லோடுக்கு ஒரு ஷீட் போடுகிறார்கள். வேண்டாம். போகும் லோடை மட்டும் தனியாகப் பார்த்தால் 29,400 ரூபாய் வாடகை, அந்தப் பக்கத்துச் செலவு போக நல்ல லாபம் என்று தோன்றும். ஆனால் சென்னையில் லோடு கிடைக்காமல் காலியாகத் திரும்பியிருந்தால்? 22,000 வாடகை போச்சு, அதற்கான கமிஷன், பேட்டா, இறக்குக்கூலி மிச்சம், காலி வண்டி டீசல் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும். லிட்டருக்கு 6.5 கிலோமீட்டர் தரும் என்று தாராளமாகவே வைத்துக் கணக்குப் போட்டாலும் இந்த டிரிப் ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவான நஷ்டத்தில் முடிந்திருக்கும். போகும் லோடின் லாபம் என்று தனியாக ஒன்று கிடையாது. வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஷெட்டுக்குத் திரும்பும்வரை ஒரே டிரிப், ஒரே ஷீட்.

ஷீட்டைக் கையில் எடுத்ததும் முதலில் நான்கு எண்களைத் தேடுங்கள். கிளம்பிய தேதி, திரும்பிய தேதி, கிளம்பும்போது மீட்டரில் இருந்த கிலோமீட்டர், திரும்பும்போது இருந்தது. இந்த டிரிப்பில் 2,18,460-இல் கிளம்பி 2,19,898-இல் வந்து நின்றது, ஆக 1,438 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து சென்னை எழுநூறு கிலோமீட்டர் அளவில் வரும். போக வர 1,400, ஊருக்குள் ஏற்றவும் இறக்கவும் சுற்றியது மீதி, சரிதான். 1,550 என்று இருந்தால் டீசல் பக்கம் போகும் முன்பே டிரைவரைக் கேட்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று இல்லையென்றாலும் ஷீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் பின்னால் டீசலைச் சரிபார்க்க வேறு பிடிமானம் கிடையாது.

வாடகை: எடைச்சீட்டைப் பாருங்கள், ஷீட்டில் எழுதியதை அல்ல

தேங்காய் லோடுக்கு டன்னுக்கு 2,800 என்று பேச்சு. எடை மேடைச் சீட்டில் லோடோடு 17,340 கிலோ, காலி வண்டி 6,840 கிலோ, ஆகச் சரக்கு 10,500 கிலோ. 10.5-ஐ 2,800-ஆல் பெருக்கினால் 29,400. ஷீட்டிலும் 10.5 டன் என்றே இருந்தது. எப்போதும் இப்படி இருக்காது. "பத்து டன்" என்று வாய்க்கணக்கில் எழுதி 28,000 போட்டுவிட்டுப் போன ஷீட்டுகளும் என்னிடம் உண்டு. அரை டன் என்பது கையெழுத்தில் ஒரு புள்ளிதான், பணத்தில் 1,400.

மொத்த எடையையும் ஒரு பார்வை பாருங்கள். இரண்டு அச்சு வண்டிக்குச் சரக்கோடு சேர்த்து 18.5 டன்தான் எல்லை. 2018-இல்தான் 16.2-இலிருந்து அதற்கு உயர்த்தினார்கள். சீட்டில் அதற்கு மேல் இருந்தால் கூடுதல் வாடகை வந்திருக்கும்தான், கூடவே அபராதச் சீட்டும் எங்காவது பின்னால் வந்துகொண்டிருக்கும்.

சென்னையில் இறக்கும்போது இன்னொரு மேடையில் எடை போட்டார்கள், 10,420 கிலோ காட்டியது. 80 கிலோ குறைவு. தேங்காய் வழியில் ஈரம் வற்றும், மேடைக்கு மேடையும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். பார்ட்டி அந்த 80 கிலோவுக்கான 224 ரூபாயைப் பிடிக்கப் பார்த்தார். ஏற்றும் இடத்து எடைக்குத்தான் வாடகை என்று முதலிலேயே பேசியிருந்ததால் பிடிக்கவில்லை. எந்த எடைக்கு வாடகை என்பதை ஷீட்டின் தலையிலேயே எழுதச் சொல்லுங்கள். அப்புறம் ஈத்தாமொழி நெட்டை, புவிசார் குறியீடு வாங்கிய காய், பெரிய காய். ஆயிரம் காய்க்கு இவ்வளவு என்று எண்ணிக்கையில் வாடகை பேசினால் அதே ஆயிரத்துக்கு வண்டி கூடுதல் எடை சுமக்கும். எனக்குத் தெரிந்து டன் கணக்குதான் லாரிக்காரனுக்கு நல்லது.

ரிட்டர்ன் லோடு மொத்தமாக 22,000 பேசியது. புக்கிங் ஆபீஸ் கமிஷன் 1,000 பிடித்துக்கொண்டது. ஷீட்டில் "ரிட்டர்ன் 21,000" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். லாபத்துக்கு இதனால் வித்தியாசம் வராது. ஆனாலும் 22,000-ஐ வரவிலும் 1,000-ஐச் செலவிலும் பிரித்து எழுதுவதே என் வழக்கம். பேட்டா எந்தத் தொகைக்கு என்பது அடுத்து வரப்போகிறது, அப்போது முழு வாடகை கண்ணில் தெரிய வேண்டும். வருஷக் கடைசியில் கமிஷனாக மட்டும் எவ்வளவு போனது என்று கூட்டிப் பார்த்தால் வேறு வயிற்றெரிச்சலும் கிடைக்கும்.

ஏற்றுக்கூலி: யார் தலையில்?

ஷீட்டுகளில் நான் அதிகம் திருத்துவது இந்த வரியைத்தான். கூலித் தொகை தப்பாக இருப்பது குறைவு. அந்தக் கூலி யாருடைய செலவு என்பது எழுதப்படாமல் இருப்பதுதான் தொல்லை.

ஈத்தாமொழியில் ஏற்றுக்கூலி டன்னுக்கு 200, மொத்தம் 2,100. அதை டிரைவர் கையிலிருந்து கொடுத்தார். ஆனால் பேச்சுப்படி அது பார்ட்டியின் செலவு, வாடகையோடு சேர்த்துத் திருப்பித் தந்துவிடுவார். ஆகப் பார்ட்டி தர வேண்டியது 29,400-உம் 2,100-உம் சேர்த்து 31,500. ஷீட்டில் "வாடகை 31,500" என்று ஒரே வரியாக எழுதிவிட்டார்கள். லோடு பில்லில் அப்படித்தான் மொத்தம் இருந்தது, எழுதியவர் பேரில் தப்புச் சொல்ல முடியாது.

இப்படி எழுதினால் ஒரு பக்கம் வரவில் 2,100 கூடியிருக்கும், மறுபக்கம் செலவிலும் 2,100 இருந்தால் இரண்டும் அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு பக்கம் எழுதி மறுபக்கம் விட்டுப்போனால்தான் லாபம் பொய்யாகும். வரவில் மட்டும் இருந்தால் லாபம் 2,100 வீங்கித் தெரியும், செலவில் மட்டும் இருந்தால் அவ்வளவு இளைத்துத் தெரியும். கண்டுபிடிப்பது சுலபம். வாடகைத் தொகையை டன் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 31,500-ஐ 10.5-ஆல் வகுத்தால் 3,000 வருகிறது, பேசிய ரேட்டோ 2,800. அந்த 200 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கூலி வெளியே வந்துவிடும்.

நாகர்கோவிலில் மளிகைச் சரக்கு இறக்கியதற்கு 1,500 இறக்குக்கூலி. அது நம் செலவு, யாரும் திருப்பித் தரமாட்டார்கள். ஒரே ஷீட்டில் ஒரு கூலி பார்ட்டியுடையது, ஒரு கூலி நம்முடையது. அதனால் கூலி எழுதும் இடத்தில் தொகைக்குப் பக்கத்தில் "பா" அல்லது "வ" என்று ஓர் எழுத்து போடச் சொல்லியிருக்கிறேன். பார்ட்டி என்றால் பா, வண்டி என்றால் வ. இப்போது டிரைவர்களே பழகிவிட்டார்கள்.

களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போகும் லோடுகளில் இன்னொன்று. நம் ஆளே ஏற்றி இறக்கினாலும், வேடிக்கை பார்த்து நின்றவர்களுக்குக் கொடுத்ததாக "நோக்குக்கூலி" என்று ஒரு வரி பழைய ஷீட்டுகளில் வரும். 2018 மே மாதத்திலிருந்து கேரள அரசே அதை ஒழித்தாயிற்று. இன்றைக்கும் ஒரு ஷீட்டில் அந்த வரி வந்தால், வண்டிச் செலவு என்று பேசாமல் ஏற்றுக்கொள்ளாமல், எந்த இடம், யார் கேட்டார்கள் என்று டிரைவரிடம் கேட்டுப் பார்ட்டிக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

பேட்டா: சதவீதம் சரி, எதன்மேல் சதவீதம்?

நாளுக்கு இவ்வளவு என்று பேட்டா கொடுப்பவர்கள் உண்டு, வாடகையில் நூற்றுக்கு இத்தனை என்று கொடுப்பவர்களும் உண்டு. எங்கள் அத்தான் பத்து சதவீதக்காரர். டிரைவரின் மாதச் சம்பளம் தனி, அது டிரிப் ஷீட்டுக்குள் வராது.

ஷீட்டில் பேட்டா 5,350 என்று இருந்தது. அதைப் பத்தால் பெருக்கினால் 53,500. வாடகை 29,400, ரிட்டர்ன் 22,000, கூட்டினால் 51,400தானே? இடையில் நிற்கும் 2,100 என்ன? அதே ஏற்றுக்கூலிதான். 31,500 என்று ஒரே வரியில் எழுதியதால் கூலிக்கும் சேர்த்து டிரைவர் பத்து சதவீதம் போட்டுக்கொண்டார். சரியான பேட்டா 5,140. வித்தியாசம் 210 ரூபாய்தான். ஆனால் மூன்று வண்டி, வருஷம் முழுக்க, ஒவ்வொரு தேங்காய் லோடுக்கும் இதே மாதிரி என்று பாருங்கள்.

டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "அண்ணே, பில்லுல என்ன தொகை போட்டிருக்கோ அதுக்குத்தான் நான் போட்டேன், நான் எங்க மாத்திப் போட்டேன்" என்றார். உண்மைதான், ஷீட்டை அச்சடித்தது நாங்கள், அதில் வாடகைக்கும் கூலிக்கும் தனித்தனி வரி விடாததும் நாங்கள். கமிஷன் கழிக்கும் முன் உள்ள தொகைக்குப் பேட்டா என்பது மட்டும் எங்களுக்குள் முதலிலிருந்தே தெளிவு, அதனால் 21,000-ஆ 22,000-ஆ என்ற சண்டை வரவில்லை. உங்கள் வண்டியில் அதையும் ஒரு முறை பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டீசல்: டேங்க் நிறைந்ததிலிருந்து டேங்க் நிறையும்வரை

செலவில் பாதிக்கு மேல் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும்.

எங்கள் வண்டிகள் நாகர்கோவிலில் ஒரு பங்க்கில் கடனுக்கு டீசல் போடும், மாதம் ஒரு முறை பணம் கட்டுவோம். கிளம்பும் அன்று டேங்க் ஃபுல். இந்த டிரிப்பில் கிளம்பும்போது 138 லிட்டர் போட்டிருந்தது. வரும் வழியில் விழுப்புரத்தில் டிரைவர் கையிலிருந்து ரொக்கம் கொடுத்து 120 லிட்டர். திரும்பி வந்ததும் மறுபடி அதே பங்க்கில் ஃபுல், 162 லிட்டர்.

இந்த டிரிப்பின் டீசல் எத்தனை லிட்டர்? பலரும் 138-ஐயும் 120-ஐயும் கூட்டி 258 என்பார்கள். தப்பு. கிளம்பும்போது போட்ட 138 லிட்டர் முந்தைய டிரிப் குடித்த டீசல். போன டிரிப் காலி செய்த இடத்தைத்தானே அது நிரப்பியது? டேங்க் ஃபுல்லாகக் கிளம்பி, டேங்க் ஃபுல்லாக வந்து நின்றால், இடையில் போட்டதும் கடைசியில் நிரப்பியதும்தான் இந்த டிரிப் குடித்தது. ஆக 120-உம் 162-உம் சேர்த்து 282 லிட்டர். 93 ரூபாய் என்று வைத்தால் 26,226. 258 என்று போட்டால் 23,994-தான் வரும், லாபம் 2,232 ரூபாய் பொய்யாகக் கூடும், அந்தச் சுமை பேசாமல் அடுத்த டிரிப் தலையில் போய் விழும்.

இப்போது மைலேஜ். 1,438-ஐ 282-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 5.1 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் லோடு, இந்த வண்டி இப்படிப்பட்ட டிரிப்புகளில் 5-க்கும் 5.3-க்கும் நடுவில்தான் வழக்கமாகத் தரும். சரி. 258-ஐ வைத்திருந்தால் 5.57 வந்திருக்கும், "வண்டி நல்லா இழுக்குது" என்று சந்தோஷப்பட்டிருப்போம், அடுத்த டிரிப்பில் 4.7 வந்ததும் டிரைவரைச் சந்தேகப்பட்டிருப்போம். மைலேஜ் ஒரு டிரிப்பில் ஏறி அடுத்த டிரிப்பில் இறங்கி மாறி மாறி ஆடினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது டேங்க்கை நிரப்பிய முறையை. பங்க்கில் வண்டி சரிவில் நின்றாலே பத்து லிட்டர் கூடக் குறையப் போகும். அதே பங்க், அதே இடம், துப்பாக்கி தானாக நிற்கும்வரை என்று வைத்துக்கொண்டால் அந்த ஆட்டம் அடங்கும். எல்லா டிரிப்பிலும் ஒரே மாதிரி மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் மெக்கானிக்கிடம் போங்கள். ஒரு டிரைவர் ஓட்டும்போது மட்டும் இறங்கினால், பேச வேண்டிய ஆள் வேறு.

வெளியூர் பில்லுக்கு ஒரு சோதனை உண்டு, பாஸ்டேக் கணக்குப் பட்டியல். சென்னையிலிருந்து வரும்போது விக்கிரவாண்டி டோல் முதலில், விழுப்புரம் பிறகு. டோலில் வெள்ளி விடிகாலை 1.10-க்குப் பணம் பிடித்திருந்தது, டீசல் பில்லில் 1.45. பொருந்துகிறது. பில் நேரம் டோலுக்கு முந்தியதாக இருந்தாலோ, லிட்டரை விலையால் பெருக்கினால் பில் தொகை வராவிட்டாலோ, எப்போது பார்த்தாலும் முழு ஆயிரங்களாகவே கையெழுத்துப் பில் வந்தாலோ கேள்வி கேட்கலாம். எடுத்த உடனே குற்றவாளியாக்காதீர்கள், அச்சு மெஷின் ரிப்பேரான பங்க்குகளும் நாட்டில் உண்டு.

பி.எஸ்.6 வண்டியாக இருந்தால் யூரியா கேனையும் இதே மாதிரிச் சேர்க்க வேண்டும். இந்த வண்டி பழையது, அந்தச் செலவு இல்லை.

டோல், இதர செலவு

டோல் டிரைவர் கையால் போவதில்லை, பாஸ்டேக்கில் போகிறது. அதனால் ஷீட்டில் அந்த வரியே இல்லை. இதுதான் அத்தானின் ஏழாயிரம் காணாமல் போன இடங்களில் ஒன்று. நாங்குநேரி, சாலைப்புதூர், எட்டூர்வட்டம், கப்பலூர் என்று வடக்கே போகப் போகப் பிடித்துக்கொண்டே போகும். டிரிப் கிளம்பிய நேரத்திலிருந்து திரும்பிய நேரம்வரை உள்ள வரிகளை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துக் கூட்டினேன், 7,960. சில டோல்களின் பணம் ஒரு நாள் தாமதமாகப் பட்டியலில் ஏறும், எனவே வண்டி வந்த அன்றே கூட்டாமல் இரண்டு நாள் கழித்துக் கூட்டுங்கள். ஒரே டோலில் சில நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை பிடித்திருந்தால் புகார் கொடுத்துத் திரும்ப வாங்கலாம். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் திரும்பினால் போக வர ஒன்றரை மடங்குதான், ஆனால் சென்னை டிரிப்புக்கு அது எட்டாது. திருநெல்வேலி போய் அன்றே திரும்பும் வண்டிக்கு உதவும்.

இதர செலவு 840. பஞ்சர், எடை மேடை, பார்க்கிங், கயிறு. பில் இருந்ததும் இல்லாததும் கலந்து. ஒரு டிரிப்புக்கு ஆயிரம்வரை கேள்வி இல்லை என்று வைத்திருக்கிறோம். அதற்குள் சண்டை போட்டால் டிரைவர் நாளைக்கு வேறு வண்டி ஏறிவிடுவார்.

இரண்டு வழியில் ஒரே எண்

முதல் வழி, லாபக் கணக்கு. வரவு 29,400-உம் 22,000-உம், மொத்தம் 51,400. பார்ட்டி தந்த ஏற்றுக்கூலியையும் கொடுத்த ஏற்றுக்கூலியையும் இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்துவிட்டேன். செலவு: கமிஷன் 1,000, இறக்குக்கூலி 1,500, பேட்டா 5,140, இதர 840, டீசல் 26,226, டோல் 7,960. கூட்டினால் 42,666. மீதி 8,734.

இரண்டாவது வழி, ரொக்கத்திலிருந்து. டிரைவர் கைக்குப் போனது: கிளம்பும்போது அத்தான் கொடுத்த 10,000, சென்னையில் பார்ட்டி தந்த பாக்கி 11,500, புக்கிங் ஆபீஸ் தந்த 15,000, ஆக 36,500. அவர் கையால் போனது: விழுப்புரம் டீசல் 11,160, ஏற்றுக்கூலி 2,100, இறக்குக்கூலி 1,500, இதர 840, பேட்டா 5,350, ஆக 20,950. மீதி 15,550. அத்தான் விரல் வைத்த எண் இதுதான். இது டிரைவர் திருப்பித் தர வேண்டிய பணம், வண்டி சம்பாதித்த பணம் இல்லை. பேட்டாவைத் திருத்தினால் 15,760.

இந்த 15,760-இலிருந்து லாபத்துக்குப் போக, டிரைவர் கையைத் தொடாமல் நடந்ததையெல்லாம் சேர்க்க வேண்டும். அத்தான் கொடுத்த 10,000 அவர் பணமே, அதைக் கழியுங்கள். ஈத்தாமொழி பார்ட்டி முன்பணமாக 20,000 நேராக அத்தானின் பேங்க் கணக்குக்குப் போட்டிருந்தார், அதைக் கூட்டுங்கள். ரிட்டர்ன் வாடகையில் நாகர்கோவில் கடைக்காரர் தர வேண்டிய பாக்கி 6,000, அதையும் கூட்டுங்கள். பங்க்கில் கடனுக்குப் போட்ட 162 லிட்டருக்கான 15,066-ஐயும் பாஸ்டேக் 7,960-ஐயும் கழியுங்கள். 8,734 வந்துவிடும்.

இரண்டு எண்ணும் ஒத்துவராவிட்டால் எந்த வரியோ ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. வித்தியாசத் தொகையே பெரும்பாலும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். 2,100 என்றால் ஏற்றுக்கூலி, 1,000 என்றால் கமிஷன், 6,000 என்றால் வராத பாக்கி. போனில் எக்செல் வைத்திருப்பவர்கள், `B2`, `B3`-இல் இரண்டு வாடகை, `B4` முதல் `B9` வரை ஆறு செலவுகள், `D2` முதல் `D7` வரை ரொக்க வழியின் ஆறு தொகைகள் (கழிக்க வேண்டியதைக் கழித்தல் குறியோடு) என்று போட்டு, கீழே உள்ள மூன்று சூத்திரங்களையும் முறையே `B10`, `D8`, `D9`-இல் எழுதிவிட்டால் போதும்.

```
=SUM(B2:B3)-SUM(B4:B9)
=SUM(D2:D7)
=B10-D8
```

`D9`-இல் பூஜ்யம் வராத ஷீட்டை நான் ஃபைலில் போடுவதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரண்டு வழியிலும் ஒரே தப்பான எண்ணை எழுதினால் அங்கேயும் பூஜ்யம்தான் வரும். கடன் டீசலுக்கு 162-க்குப் பதில் 138 லிட்டரை இரண்டு பக்கமும் போட்டால் கணக்கு அழகாக ஒத்துப்போகும், லாபம் மட்டும் பொய். அதனால்தான் எடைச்சீட்டு, பங்க் பில், பாஸ்டேக் பட்டியல் மூன்றையும் முதலில் பார்க்கச் சொன்னேன்.

அந்த 8,734-ஐ எப்படிப் பார்ப்பது

ஐந்து நாளால் வகுத்தால் நாளுக்கு 1,747. சென்னையில் ரிட்டர்ன் லோடுக்காகக் காத்துக் கிடந்த அந்த ஒரு நாள் இல்லாமல் நான்கே நாளில் முடிந்திருந்தால் 2,180-க்கு மேல். வாடகை கூடுதலான டிரிப்பையும் குறைவான டிரிப்பையும் ஒப்பிட நாள் கணக்குதான் உதவும். இரண்டே நாளில் மதுரை போய் வந்து 4,000 நிற்கும் டிரிப் இதைவிட மேல்.

டயர் இதில் இல்லை. ஆறு டயர் மாற்ற 1,20,000 ஆகும், அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய், இந்த டிரிப்புக்கு 2,876. கழித்தால் 5,858. இன்சூரன்ஸ், எஃப்.சி., வரி, கடன் தவணை இருந்தால் அது, இவையெல்லாம் மாதக் கணக்கில் வரட்டும், டிரிப் ஷீட்டுக்குள் கொண்டுவந்து திணிக்காதீர்கள். டயருக்கு மட்டும் அடியில் ஒரு கோடு போட்டுத் தனியாக எழுதிவிடுங்கள், ஏனென்றால் அது ஓடிய தூரத்துக்கு ஏற்பத் தேய்வது.

அத்தான் இதையெல்லாம் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப டே, அன்னைக்கு ரெண்டு வண்டிக்கும் சேத்து நான் பெயின்ட் அடிக்கக் கொடுத்தது?" என்றார். அது வேறு கணக்கு என்றேன். அடுத்த வாரம் புது ஷீட் அச்சடித்தோம், வாடகைக்கு ஒரு வரி, ஏற்றுக்கூலிக்கு ஒரு வரி, கடன் டீசலுக்கும் டோலுக்கும் அடியில் இரண்டு வரி. டிரைவரிடம் அந்த 210-ஐத் திரும்பக் கேட்கவில்லை, ஷீட் எங்களுடையது. இந்த டிரிப்பின் செலவில் அதையும் எழுதச் சொன்னார் அத்தான், ஆக ஃபைலில் கடைசியாக ஏறிய எண் 8,524.